எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே ஒரு விரல்



கணினியில் ஒரு விசையைத் தவறாக அழுத்தினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அழித்துவிட்டு மறுபடியும் தட்டச்சு செய்வோம். ஆனால், என் விரல் ஒரே ஒரு விசை தள்ளிப் பட்டதால், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் வகுப்புத் தோழர்கள் அனைவர் முன்னிலையிலும் தலைகுனிய நேர்ந்தது. அந்தத் தவற்றுக்கு என் விரலை மட்டும் குறைசொல்ல முடியாது; அந்த விசைகளை அமைத்திருந்த முறையையும் சொல்லத்தான் வேண்டும். அம்முறையை அமைத்தவனும் நானே. ஆகவே, இது என் ஒப்புதல் வாக்குமூலமும் ஆகும். என் கருத்தும் ஆகும்.

முதலில் சற்று விளக்கம்

என் மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குகிறது. அதில் சாளரங்களை ஒழுங்கு செய்ய i3 என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் என்பவர் உருவாக்கி 2009இல் வெளியிட்ட மென்பொருள் இது. நாம் வழக்கமாகக் காணும் கணினிகளில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எலியைப் பிடித்து இழுத்து அவற்றை நகர்த்துவோம். i3 அப்படியன்று. தரையில் ஓடு பதித்தாற்போல் சாளரங்களை இடைவெளியின்றிப் பக்கம் பக்கமாக அடுக்கிவிடும். ஒரு சாளரம் இருந்தால் திரை முழுவதும் அதற்கே. இரண்டாவது வந்தால் ஆளுக்குப் பாதி.

இப்படியே பத்துச் சாளரங்களைத் திறந்தால் எல்லாமே தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும் அல்லவா? அதற்காகத்தான் பணித்தளங்கள் உள்ளன. ஒரே மேசையின்மீது அனைத்தையும் குவிக்காமல், ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட பத்து மேசைகளை வைத்துக்கொள்வது போன்றது இது. விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு 3ஐ அழுத்தினால் மூன்றாம் மேசைக்குச் செல்வோம். அதனுடன் ஷிப்ட் விசையையும் சேர்த்து 3ஐ அழுத்தினால், நாம் இருந்த இடத்திலேயே இருப்போம்; நம் கையிலுள்ள சாளரம் மட்டும் மூன்றாம் மேசைக்குப் போய்விடும். எலியைத் தொடவே வேண்டியதில்லை.

அனுப்புவதும் எடுத்துச் செல்வதும்

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். i3இன் இயல்பான அமைப்பில் சாளரம் மட்டுமே போகும். நாம் அதைப் பின்தொடர மாட்டோம். பணியாளிடம் கோப்பைக் கொடுத்து அலுவலகத்திற்கு அனுப்புவதைப் போன்றது அது. கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாமே அலுவலகத்திற்கு நடந்தால் அது வேறு செயல். முன்னதை 'அனுப்புதல்' என்றும் பின்னதை 'எடுத்துச் செல்லுதல்' என்றும் வைத்துக்கொள்வோம்.

இவ்விரண்டில் எது நல்லது என்று கேட்டால், இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. காலையில் பள்ளிக்கு வந்ததும் நான் முதல் மேசையிலேயே ஐந்து சாளரங்களைத் திறந்துவிடுவேன்: பாடத் திட்டம், பயிற்றி, அகராதி, மின்னஞ்சல், மதிப்பீட்டுப் பட்டியல். பிறகு பாடத் திட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் நான்கு மேசைகளுக்கு அனுப்புவேன். நான்கே அழுத்தல்கள், கண் இருந்த இடத்தைவிட்டு நகராது. அனுப்பும்போதெல்லாம் நானும் பின்னாலேயே போவதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் திரும்பி வருவதற்கு இன்னோர் அழுத்தல் தேவைப்படும். அடுக்கி வைக்கும் வேலைக்கு அனுப்புதலே சிறந்தது.

ஆனால், பயிற்றியைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, அகராதி இருக்கும் மூன்றாம் மேசையில் அதை வைத்துத் தொடர்ந்து எழுத வேண்டும் என்றால் எடுத்துச் செல்வதுதான் வசதி. இதற்குக் கன்ட்ரோல் விசையைப் பயன்படுத்துகிறேன். i3இன் அமைப்புக் கோப்பில் இவ்விரண்டும் இப்படி இருக்கும்:

```
set $mod Mod4
bindsym $mod+Shift+3 move container to workspace number 3
bindsym $mod+Control+3 move container to workspace number 3; workspace number 3
```

முதல் வரி விண்டோஸ் விசைக்கு `$mod` என்று பெயரிடுகிறது. இரண்டாம் வரி அனுப்புகிறது. மூன்றாம் வரி அனுப்பிவிட்டு, அரைப்புள்ளிக்குப் பிறகு நம்மையும் அங்கே அழைத்துச் செல்கிறது.

அனுப்புதலில் ஒரு குறை உண்டு. அனுப்பிய பொருள் சரியான இடத்திற்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை நாம் பார்ப்பதில்லை! அன்று என்னைக் கவிழ்த்தது இதுதான்.

அன்று நடந்தது

வகுப்பறையில் புரொஜெக்டரை இணைத்திருந்தேன். ஒன்பதாம் மேசை புரொஜெக்டருக்கு உரியது என்று அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருந்தேன். ஒன்பதில் எதை வைத்தாலும் வெண்திரையில் தெரியும். மற்ற எண்களில் இருப்பவை என் மடிக்கணினியில் மட்டுமே தெரியும். மிகவும் வசதியான ஏற்பாடு. மாணவர்கள் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் என் திரையில் வகுப்புசார் மதிப்பீட்டின் அடைவு நிலைகளைக் குறித்துக்கொள்ளலாம்.

அன்று இலக்கணப் பாடம். வெண்திரையில் வலிமிகும் இடங்களைப் பற்றிய பக்கம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என் திரையில் மதிப்பீட்டுப் பட்டியல் திறந்திருந்தது. குறித்து முடித்ததும் அதை எட்டாம் மேசைக்கு அனுப்ப எண்ணினேன். விண்டோஸ் விசை, ஷிப்ட், எட்டு. என் திரையிலிருந்து பட்டியல் மறைந்தது. 'போய்விட்டது' என்று நினைத்து, முதுகைத் திரைக்குக் காட்டிக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன்.

அது எட்டுக்குப் போகவில்லை, ஒன்பதுக்குப் போயிருந்தது. ஓடு பதிக்கும் மென்பொருள் தன் கடமையைச் சரியாகவே செய்தது. வெண்திரையில் இலக்கணப் பக்கத்தைப் பாதியாகச் சுருக்கி, மறுபாதியில் பெயர், அடைவு நிலை, என் குறிப்பு என மூன்று நிரல்களையும் பெரிதாகக் காட்டியது. வகுப்பில் ஒரு சலசலப்பு. பிறகு ஒரு குரல் ஒரு பெயரை வாய்விட்டுப் படித்தது. அப்பெயருக்கு நேரே 'நிலை 1' என்று இருந்தது.

திரும்பிப் பார்த்ததும் என் கை எலியைத்தான் தேடியது. வெண்திரைக்குச் சுட்டியைக் கொண்டுபோய், எந்தச் சாளரத்தைச் சொடுக்குவது என்று தடுமாறி, இறுதியில் கம்பியையே பிடுங்கினேன். அதற்குள் படிக்க வேண்டியவர்கள் படித்து முடித்திருந்தார்கள்.

அன்று மாலை அம்மாணவனின் தாயாரை நானே அழைத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சார், மார்க் கம்மினு எனக்குத் தெரியும். அது பரவால்ல. ஆனா, நாளைக்கு ஸ்கூலுக்கு வரமாட்டேங்கிறான், சார்," என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எலிக்கே திரும்பிவிடலாமா?

இதைக் கேட்ட சக ஆசிரியர் ஒருவர், "ஐயா, எல்லாரையும் போல எலியைப் பயன்படுத்தினால் இந்த வம்பே இல்லையே!" என்றார். எலியால் இழுக்கும்போது சாளரம் போகும் திசை கண்ணுக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் வெண்திரை என் திரையின் வலப்பக்க நீட்சியாக இருக்கும்போது, எலியை வலப்பக்கம் சற்று அதிகமாகத் தள்ளினாலே சாளரத்தின் பாதி வெண்திரையில் எட்டிப்பார்க்கும். விசையிலோ எண் ஒரு முகவரி போன்றது. முகவரியைச் சரியாக எழுதினால் கடிதம் வேறு வீட்டுக்குப் போகாது.

இன்னொருவர், "மதிப்பீட்டுப் பட்டியலை வகுப்பில் திறக்காமல் இருந்தாலே போதுமே?" என்றார். இது வலுவான வாதம், பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ஒரு மாணவன் எழுந்து நின்று வாசிக்கும் அந்த நொடியில் குறிப்பதற்கும், மாலையில் நினைவிலிருந்து குறிப்பதற்கும் வேறுபாடு உண்டு. பட்டியல் திறந்திருக்கத்தான் வேண்டும். அது திறந்திருக்கும் கணினியில், பொதுத் திரைக்குப் போகும் வழி மட்டும் எளிதாக இருக்கக்கூடாது.

என் கருத்தின் மையம் இதுதான். மற்ற மேசைகளுக்கு அனுப்புவதும் வகுப்புக்குக் காட்டுவதும் ஒரே வகையான செயல் அல்ல. முன்னதில் தவறினால் நான் தேடிக்கொள்வேன். பின்னதில் தவறினால் ஒரு குழந்தை அழும். இவ்வளவு வேறுபட்ட இரண்டு செயல்களுக்கு அடுத்தடுத்த இரண்டு விசைகளைக் கொடுத்திருந்தது என் அறியாமை.

நான் செய்த மாற்றம்

முதலில், அமைப்புக் கோப்பில் ஒன்பதுக்கும் பத்துக்கும் அனுப்பும் வரிகளை, அதாவது `$mod+Shift+9`, `$mod+Shift+0` என்று தொடங்கும் இரண்டையும், முன்னால் `#` இட்டு முடக்கினேன். ஒன்பதாம் மேசைக்கு இனிக் கேள்வி கேட்ட பிறகே வழி திறக்கும்:

```
workspace 4 output eDP-1
workspace 9 output HDMI-1
workspace 10 output HDMI-1

mode "வகுப்புக்குக் காட்டவா? y / n" {
    bindsym y move container to workspace number 9, mode "default"
    bindsym n mode "default"
    bindsym Escape mode "default"
}
bindsym $mod+Shift+p mode "வகுப்புக்குக் காட்டவா? y / n"
```

இப்போது விண்டோஸ், ஷிப்ட், p ஆகிய மூன்றையும் அழுத்தினால் எந்தச் சாளரமும் நகராது. திரையின் ஓரத்திலுள்ள பட்டையில் அந்தக் கேள்வி தோன்றும். y அழுத்தினால்தான் சாளரம் வெண்திரைக்குப் போகும். n அல்லது எஸ்கேப் அழுத்தினால் கேள்வி மறைந்துவிடும். ஒரு நொடி தாமதம்தான். அந்த ஒரு நொடியில், கையிலிருப்பது பாடமா பட்டியலா என்று கண் ஒரு முறை பார்த்துவிடுகிறது.

இரண்டாவதாக, மதிப்பீட்டுப் பட்டியலை எட்டிலிருந்து நான்குக்கு மாற்றினேன். நான்கு இடக்கைக்கு அருகில் இருக்கிறது, ஒன்பதிலிருந்து வெகுதூரம். மேலுள்ள முதல் வரி, நான்காம் மேசை எப்போதும் மடிக்கணினித் திரையில்தான் திறக்க வேண்டும் என்கிறது. இவ்வரி இல்லையென்றால், நாம் வெண்திரையில் நின்றுகொண்டு நான்கை முதன்முறையாகத் திறக்கும்போது அது வெண்திரையிலேயே திறந்துவிடும்.

மூன்றாவதாக, பத்தாம் மேசையும் புரொஜெக்டருக்கே உரியது. ஆனால் அதில் நான் எதையும் வைப்பதில்லை. அது துடைத்த கரும்பலகை. ஏதேனும் தவறு நேர்ந்தால் விண்டோஸ் விசையுடன் 0ஐ அழுத்துகிறேன். வெண்திரை உடனே வெறுமையாகிவிடும். ஒன்பது அதன் பின்னால் மறைந்துவிடும். அன்று எனக்கு இது மட்டும் இருந்திருந்தால் கம்பியைத் தேடியிருக்க மாட்டேன். ஆனால் ஒன்று: 0ஐ அழுத்தியதும் நாமும் அந்த மேசைக்குப் போய்விடுகிறோம். அப்போது புதிதாகத் திறக்கும் சாளரம் அங்கேயே, வெண்திரையிலேயே தோன்றும். ஆகவே, உடனே விண்டோஸ் விசையுடன் 1ஐ அழுத்தி முதல் மேசைக்குத் திரும்பிவிட வேண்டும்.

`HDMI-1`, `eDP-1` ஆகிய பெயர்கள் கணினிக்குக் கணினி மாறும். முனையத்தில் `xrandr` என்று தட்டினால் உங்கள் கணினியில் என்ன பெயர் என்பது தெரியும். கோப்பைச் சேமித்தபின் `$mod+Shift+c` அழுத்தினால் புதிய அமைப்பு நடைமுறைக்கு வரும்.

இன்னும் ஏமாற்றக்கூடிய மூன்று

இவ்வளவு செய்த பிறகும் மூன்று இடங்களில் நான் தடுக்கி விழுந்தேன். நல்ல வேளையாக, யாருமற்ற வகுப்பறையில்.

முதலாவது, இரு திரைகளும் ஒன்றையே காட்டும் நிலை. புரொஜெக்டரை நீட்சியாக வைக்காமல் கண்ணாடிபோல் வைத்துவிட்டால், என் திரையில் இருப்பவை யாவும் வெண்திரையிலும் தெரியும். அந்நிலையில் எந்த மேசை எண்ணும் பாதுகாப்புத் தராது. ஆகவே, இணைத்தவுடன் இக்கட்டளையை இடுகிறேன்:

```
xrandr --output HDMI-1 --auto --right-of eDP-1
```

சரியாக அமைந்ததா என்று அறிவது எளிது. மடிக்கணினியில் மேசையை மாற்றிப் பாருங்கள். வெண்திரையும் சேர்ந்து மாறினால் அது கண்ணாடி. மாறாமல் நின்றால் அது நீட்சி.

இரண்டாவது, எலியே. அனுப்பும் கட்டளை எப்போதும் குவியத்தில் உள்ள சாளரத்தின்மீதுதான் செயல்படும். i3இன் இயல்பான அமைப்பில் சுட்டி எந்தச் சாளரத்தின்மேல் நகர்கிறதோ அதற்கே குவியம் போய்விடும். மேசையைத் துடைக்கும்போது எலி நகர்ந்தாலும் போதும்! நான் ஒரு சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, விசை வேறொன்றை அனுப்பும். `focus_follows_mouse no` என்ற ஒரு வரி இதை நிறுத்திவிடுகிறது.

மூன்றாவது, நம் தமிழ் விசைப்பலகை. ஆங்கிலத்துடன் தமிழ்99 அமைப்பையும் கணினியின் விசைப்பலகைத் தளவமைப்பாகவே சேர்த்திருந்தேன். ஒரு நாள் வரிசையை மாற்றித் தமிழை முதலில் வைத்தேன். எண் விசைகள் வழக்கம்போல் வேலை செய்தன. ஆனால் p விசை செத்துவிட்டது. காரணம், i3 தன் விசைக்கட்டுகளை முதல் தளவமைப்பைக் கொண்டே பொருள்கொள்கிறது. தமிழ்99இல் p இருக்கும் இடத்தில் 'ண' இருக்கிறது; y இருக்கும் இடத்தில் 'ள' இருக்கிறது. p என்ற எழுத்தே அந்தத் தளவமைப்பில் இல்லாதபோது அது எதை அழுத்தும்? எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் தப்பித்தன. எண் விசை வேலை செய்து எழுத்து விசை மட்டும் செய்யாவிட்டால் தளவமைப்பு வரிசையையே முதலில் சந்தேகியுங்கள். ஆங்கிலத்தை முதலில் வைப்பதே தீர்வு:

```
setxkbmap -layout us,in -variant ,tam_tamilnet -option grp:alt_shift_toggle
```

இவ்வாறு வைத்தால், தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதும் விசைக்கட்டுகள் இயங்கும். ஐபஸ் போன்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக, ஆங்கிலத் தளவமைப்பின்மேல் தமிழ் எழுதுவோருக்கு இந்தச் சிக்கலே எழாது.

இறுதியாக

மாணவர்கள் வகுப்பில் நுழையும் முன்பு ஒரு வெற்றுச் சாளரத்தை வைத்து நான் ஒரு சோதனை செய்கிறேன். அதை நான்குக்கு அனுப்பி, மடிக்கணினித் திரையின் பட்டையில் 4 என்ற எண் முளைத்ததா என்று பார்க்கிறேன். அனுப்பிய இடத்தைச் சொல்லும் ஒரே சான்று அந்த எண்தான். விபத்து நடந்த நாளில் நான் அந்தப் பட்டையைப் பார்த்திருந்தால், அங்கே 8 தோன்றவில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும். பிறகு நான்காம் மேசைக்குச் சென்று p, n, நகரக்கூடாது. பிறகு p, y. வெண்திரையில் தெரிய வேண்டும். கடைசியாக 0; வெறுமையாக வேண்டும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

எலியின்றிச் சாளரங்களை நகர்த்துவது வேகத்திற்காக என்றே பலரும் சொல்கிறார்கள். நானும் வேகத்திற்காகவே இதற்கு வந்தேன். இப்போதும் முதல் எட்டு மேசைகளுக்கு என் விரல்கள் எண்ணிப் பார்ப்பதற்குள் ஓடிவிடுகின்றன. ஆனால் ஒன்பதாவது மேசைக்கு வேகம் தேவையில்லை. அங்கே கேள்வி கேட்டுத்தான் கதவு திறக்க வேண்டும்.

அந்தப் பையன் இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தான். அவன் மேசை அருகே சென்று மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினான். பிறகு மெல்ல, "ஐயா, இனிமே அது தெரியாதுல்ல?" என்று கேட்டான்.

"தெரியாது," என்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றவே ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த அரை நிமிடச் சோதனை.